மூலத்தைக் காட்டாமல் துல்லியத்துக்கு மதிப்பெண் கேட்கிறீர்கள்

மொழிபெயர்ப்பு நிறுவனங்களில் தரப் பிரிவைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆய்வுகளில் சேர வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்களைத் தமிழில் பெயர்த்து, என்னைப் போன்றவர்களிடம் மதிப்பாய்வுக்கு அனுப்புகிறீர்கள். கூடவே ஒரு மதிப்பெண் தாளும் வரும். அதன் முதல் கட்டமே ‘துல்லியம்: மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது?’ என்பதுதான். ஆங்கில மூலம் மட்டும் வராது. கேட்டால் ‘அது ரகசியம்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘வாடிக்கையாளர் தரவில்லை’ என்பார்கள். மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: ‘தமிழ் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்.’ சரி, பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் துல்லியக் கட்டத்தில் என்ன எண்ணைப் போடுவது?

இந்த மடல் அந்தக் கட்டத்தைப் பற்றியது. எனக்கு வரும் கோப்புகளை வெளியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் அதே அச்சில் நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். சர்க்கரை நோய்க்கான ஒரு புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இந்த ஆய்வில் நீங்கள் இரண்டு கைகளில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள். மொத்தம் 6 முறை மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். ஆய்வு மருந்தைக் காலை உணவுக்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்குத் தலைச்சுற்றல் வரலாம். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.”

அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் 7 வருகைகள் போட்டிருக்கின்றன.

முதல் வாக்கியம் எல்லோர் கண்ணிலும் படும். ஆய்வில் பங்கேற்பவர்களைப் பிரிக்கும் ஒவ்வொரு குழுவையும் ஆங்கிலத்தில் ‘ஆர்ம்’ என்பார்கள். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே ‘கை’ ஆக்கிவிட்டார். மூலம் கையில் இல்லாமலே மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று இங்கே சொல்லிவிடலாம், பிழை என்று அடித்துச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைக்கலாம். ஆனால் இந்தப் பத்தியிலேயே ஆபத்துக் குறைந்த பிழை இதுதான் என்பதைக் கவனியுங்கள். படிக்கிறவர் சிரிப்பார், அப்புறம் ‘இதென்ன கை?’ என்று செவிலியரிடம் கேட்பார். கேட்டால் தெரிந்துவிடும். தகவல் எதுவும் தொலைந்துபோகவில்லை.

இரண்டாவது வாக்கியம் அட்டவணையோடு முட்டுகிறது. 6 என்று எழுதிவிட்டு 7 காட்டுகிறது. இதையும் தமிழை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் யார் செய்த தவறு? ஆய்வுக்குத் தகுதியானவரா என்று பார்க்க அழைக்கும் முதல் வருகையைச் சில ஆய்வுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை. மூலத்திலேயே பத்தியில் 6, அட்டவணையில் 7 என்று இருந்திருக்கலாம். அப்படியானால் மொழிபெயர்த்தவர் மூலத்துக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார். அவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் அது அநியாயம். இதையே திருப்பிப் பாருங்கள். முரணைக் கண்ட மொழிபெயர்ப்பாளர், யாரிடமும் சொல்லாமல் தானாகவே 6-ஐ 7 ஆக்கியிருந்தால் படிவம் முன்னுக்குப் பின் பொருந்திப் பளிச்சென்று இருந்திருக்கும். நானும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். மூலத்திலிருந்து விலகியது அப்போதுதான்.

ஆக, உள்முரண் கண்ணில் பட்டால் நான் எழுத வேண்டியது ஒரு கேள்வி: ‘6-ஆ 7-ஆ, மூலத்தில் எப்படி இருக்கிறது?’ அதைத் துல்லியப் பிழை என்று குறிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது வாக்கியத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். ‘மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.’ இலக்கணப் பிழை இல்லை, சொல் தேர்வில் குறை இல்லை, யாரும் தயங்காமல் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் தமிழில் ‘வேண்டாம்’ இரண்டு வேலை செய்கிறது. ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று மேலாளர் சொன்னால் வரக் கூடாது என்றும் இருக்கலாம், வரத் தேவையில்லை என்றும் இருக்கலாம். நேரில் சொல்லும்போது குரலும் முகமும் எது என்று காட்டிவிடும். அச்சில் அந்த உதவி கிடையாது. மூலத்தில் ‘நிறுத்தவே கூடாது’ என்று இருந்ததா, ‘இந்த ஆய்வுக்காக நிறுத்தத் தேவையில்லை’ என்று இருந்ததா? முதலாவது தடை. இரண்டாவது வெறும் அனுமதி. பங்கேற்பவரின் குடும்ப மருத்துவர் வேறு காரணத்துக்காக ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னால் இந்த வேறுபாடு நேரடியாகக் குறுக்கே வரும்.

இதில் என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்த வாக்கியம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கிறது என்பது. அதைச் சொல்வதற்கு மூலம் தேவையில்லை. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுபவர் ஒருவர் போதும். எந்தப் பொருள் சரி என்பதுதான் எனக்குத் தெரியாதது. இங்கேதான் உங்கள் தாளில் இன்னொரு சிக்கல் வருகிறது. பிழையைக் குறித்தால் மாற்று வாக்கியமும் தர வேண்டும் என்று கட்டாயம் வைத்திருக்கிறீர்கள். ‘நிறுத்தக் கூடாது’ என்று எழுதட்டுமா, ‘நிறுத்தத் தேவையில்லை’ என்று எழுதட்டுமா? எதை எழுதினாலும் அது ஊகம்தான். ஊகம் தப்பினால், குழப்பமாக இருந்த வாக்கியம் என் கையால் தெளிவான தவறாகிவிடும். தெளிவாக இருப்பதாலேயே அதற்குப் பிறகு அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான்காவது வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. ‘காலை உணவுக்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.’ சுத்தமான தமிழ். மூலத்தில் ‘உணவுக்குப் பின்’ என்று இருந்திருந்தாலும் இதே அளவு சுத்தமாகத்தான் இருக்கும். நாளுக்கு ஒருமுறையா இருமுறையா, 5 மில்லியா 15 மில்லியா, இடது கண்ணா வலது கண்ணா என்ற இடங்களில் எல்லாம் இதே கதைதான். நோயாளியை உண்மையில் பாதிக்கக்கூடிய பிழைகள் தமிழில் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. எத்தனை முறை படித்தாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அவை கண்ணில் படாது, ஏனென்றால் அந்தப் பிழை இந்தத் தாளில் இல்லை. இரண்டு தாள்களுக்கும் நடுவில் இருக்கிறது.

தலைச்சுற்றல் வாக்கியம் இன்னொரு வகை. பக்க விளைவுகள் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை மருந்துத் தகவல் தாள்களில் படிநிலையாகப் பிரிப்பது ஐரோப்பிய வழக்கம். பல நாட்டு ஆய்வுகளின் படிவங்களிலும் அது வருவதுண்டு. பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கு மேல் வந்தால் மிகப் பரவலானது, நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை என்றால் பரவலானது, ஆயிரத்தில் ஒருவர் முதல் நூறில் ஒருவர் வரை என்றால் அவ்வளவு பரவலில்லாதது. அதற்குக் கீழே அரிதானது, மிக அரிதானது என்று போகும். ‘சிலருக்கு வரலாம்’ என்ற தமிழ் இவற்றில் எந்தப் படிக்கும் பொருந்தும். அந்த ‘லாம்’ வேறு, அடிக்கடி நடக்கக்கூடியதையும் எப்போதாவது நடக்கக்கூடியதையும் ஒரே விகுதியில் அடக்கிக்கொள்கிறது. மூலத்தில் மூன்று படிகள் இருந்து தமிழில் மூன்றுமே ‘சிலருக்கு’ ஆகியிருந்தால் அது பெரிய இழப்பு. மூலமே ‘சிலருக்கு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. எனக்குத் தெரிவதோ அந்த ஒரே ‘சிலருக்கு’.

கடைசி வாக்கியம், விலகிக்கொள்வது பற்றியது. இங்கே துறை அறிவு கொஞ்சம் கைகொடுக்கிறது. இந்தியாவில் 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஒப்புதல் படிவத்தில் இன்னின்னது சொல்லப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பங்கேற்பது விருப்பத்தைப் பொறுத்தது, எப்போதும் விலகலாம் என்பதோடு, மறுத்தால் தண்டனை எதுவும் இருக்காது, கிடைக்க வேண்டிய பலன்கள் எதுவும் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே உள்ள தமிழில் அந்தப் பின்பாதி இல்லை. அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பின்பாதிதான் முக்கியம். ‘வேண்டாம் என்று சொன்னால் இங்கே வைத்தியம் பார்ப்பார்களா?’ என்பதுதான் அவர் மனதில் ஓடும் முதல் கேள்வி.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் விட்டுவிட்டாரா? அதுவும் தெரியாது. வேறொரு பக்கத்தில் வந்திருக்கலாம். மூலத்தை எழுதியவரே விட்டிருக்கலாம். இந்த வகை ஆவணத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்ற அறிவு எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கும், தீர்ப்பைக் கொடுக்காது. சந்தேகத்தைக்கூட, விதியே வலியுறுத்தும் வாசகங்களில்தான் கொடுக்கும். இந்த ஆய்வுக்கே உரிய ஒரு வாக்கியம் விடுபட்டிருந்தால், உதாரணமாக ‘மருந்து எடுத்த 4 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது’ என்பது போல ஒன்று, அது இருந்ததாகவே எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது உங்கள் மதிப்பெண் தாளுக்கு வருகிறேன். பெரும்பாலான தாள்கள் எம்க்யூஎம் என்ற பிழைவகைப் பட்டியலையோ அதன் சுருக்கத்தையோ ஒட்டியவை. பிழைகளை வகைபிரித்துக் குறிக்க வேண்டும், சின்னப் பிழைக்கு 1, பெரிய பிழைக்கு 5 என்ற மாதிரி எடை போட்டு, ஆயிரம் சொல்லுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவீர்கள். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இது நல்ல முறைதான். மூலம் இல்லாதபோது இதில் ஒரு விபரீதம் நடக்கிறது. இந்த முறை கண்டுபிடித்த பிழைகளை மட்டுமே எண்ணுகிறது. கண்டுபிடிக்கவே வழியில்லாத பிழையும், இல்லவே இல்லாத பிழையும் அதற்கு ஒன்றுதான், இரண்டுமே பூஜ்யம். ஆகவே நான் துல்லியப் பிழை எதையும் குறிக்காமல் விட்டால், ‘பார்க்கவில்லை’ என்று நான் சொன்னது உங்கள் அறிக்கையில் ‘துல்லியம் 100’ என்று போய்விடுகிறது. வாடிக்கையாளர் அதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்.

இதனால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் ஒவ்வொரு உட்பிரிவையும் இழுத்துக்கொண்டு வருகிறார், வாக்கியம் நீள்கிறது, ‘கை’ மாதிரி ஓரிரு இடத்தில் தடுக்குகிறது. இன்னொருவர் சிக்கலான உட்பிரிவுகளைத் தட்டிக் கழித்துவிட்டு வழவழவென்று எழுதுகிறார். மூலம் இல்லாமல் படித்தால் முதலாமவருடைய பக்கத்தில் சிவப்பு விழும், இரண்டாமவருக்குப் பாராட்டு விழும். துல்லியம் என்ற பெயரில் நாங்கள் போடுவது சரளத்துக்கான மதிப்பெண்தான். அதே சரளத்துக்கு அடுத்த கட்டத்தில் தனியாக இன்னொரு மதிப்பெண் இருக்கிறது. ஒரே குணத்துக்கு இரண்டு முறை பரிசு. அடுத்த வேலை யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘பின்மொழிபெயர்ப்பு செய்து சரிபார்த்தாயிற்று, அதனால் மூலம் உங்களுக்குத் தேவையில்லை’ என்று சில சமயம் சொல்கிறீர்கள். தமிழை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, அதை மூல ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பயனுள்ள முறைதான். உணவுக்கு முன், பின் என்ற மாற்றத்தை அது பிடித்துவிடும், விடுபட்ட வாக்கியத்தையும் பிடித்துவிடும். ஆனால் என் மாதிரிப் பத்தியை அதில் போட்டுப் பாருங்கள். ‘இரண்டு கைகள்’ ஆங்கிலத்துக்குப் போனால் மறுபடி ‘ஆர்ம்’ ஆகிவிடலாம், ஆகிவிட்டால் மூலத்தோடு அச்சுப்பிசகாமல் பொருந்தும். தமிழில் இருக்கும் மிக அபத்தமான வாக்கியம் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். ‘நிறுத்த வேண்டாம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது தற்செயலாக மூலத்தோடு பொருந்தினால், தமிழில் இருக்கும் இரட்டைப் பொருள் யார் கண்ணிலும் படாமல் மறையும். தமிழை மட்டும் படிப்பவர் காண்பதும் பின்மொழிபெயர்ப்பு காட்டுவதும் வெவ்வேறு பிழைகள். ஒன்று நடந்ததால் இன்னொன்று தேவையில்லை என்றாகாது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அதற்குத்தான் மூலத்தைக் கேட்கிறோம்.

மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலை 2015-இல் வெளிவந்தது. உங்களில் பலர் அந்தச் சான்றிதழை முகப்பில் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது ஆள் ஒருவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதில் ஒரு வேலை, அது கட்டாயம். மொழிபெயர்ப்பை மட்டும் படித்து, நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை, வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் செய்வது. இரண்டுக்கும் அதில் தனித்தனிப் பெயர் இருக்கிறது. எங்களிடம் நீங்கள் கேட்பது இரண்டாவது வேலை. அறிக்கையில் எழுதுவது முதல் வேலையின் பெயர்.

மூலம் இல்லாமல் படிப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளிகளிடம் கொடுக்கும் கேள்வித்தாள்களில், மொழிபெயர்ப்பு முடிந்ததும் ஐந்து முதல் எட்டுப் பேரிடம் தமிழை மட்டும் கொடுத்து, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே மூலம் இல்லாததுதான் முறை. என்ன புரிகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். புரிந்தது மூலத்தோடு பொருந்துகிறதா என்பதை மூலத்தை வைத்திருப்பவர் பார்ப்பார். அந்த வேலைப் பிரிவினை நேர்மையானது.

அதே பிரிவினையை எங்களுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மூலத்தைத் தரவே முடியாது என்றால், துல்லியக் கட்டத்துக்குப் பதில் ஒரு கேள்வித்தாளைத் தாருங்கள். ‘6-ஆ 7-ஆ?’, ‘நிறுத்த வேண்டாம் என்பது தடையா, அனுமதியா?’, ‘சிலருக்கு என்ற இடத்தில் எண் ஏதாவது இருக்கிறதா?’, ‘விலகினால் சிகிச்சை பாதிக்காது என்ற வரி எந்தப் பக்கத்தில்?’ என்று நான் எழுதி அனுப்புகிறேன். மருந்தளவு, வேளை, தேதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் தமிழில் இருக்கிறபடியே ஒரு தனித் தாளில் பிரித்தும் தருகிறேன். தமிழ் தெரியாதவர்கூட அந்த எண்களை மூலத்தோடு ஒப்பிட்டுவிடலாம். மூலம் வைத்திருப்பவர் உட்கார்ந்து பதில் எழுதினால் அரை மணி நேர வேலை. அந்தப் பதில்கள் வந்த பிறகு, கேட்ட இடங்களுக்கு மட்டும் துல்லியத்தைப் பற்றி நான் பேச முடியும். கேட்காத இடங்களுக்கு அப்போதும் பேச முடியாது, அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

ரகசியம் என்ற காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வின் முழுத் திட்ட ஆவணத்தைக் காட்ட முடியாது என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒப்புதல் படிவம், ஊரில் வருகிற பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லும் தாள். அதன் தமிழ் வடிவம் முழுவதும் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தை மறைத்து எந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறீர்கள்?

அடிக்குறிப்பில் இருக்கும் பதிப்பு எண்ணையாவது சரிபார்த்து அனுப்புங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் தருவது ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கும் தேதிக்கும்தான். தமிழ்த் தாளில் ‘பதிப்பு 1.0’ என்று இருக்க, நடைமுறையில் இருக்கும் ஆங்கிலம் 2.0-க்குப் போயிருந்தால், சொல்லுக்குச் சொல் மாறாத மொழிபெயர்ப்பும் தவறான ஆவணம்தான். எங்களுக்குத் தெரிவதெல்லாம் தமிழ்த் தாளில் அச்சாகியிருக்கும் எண்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உங்கள் இணையப் படிவத்தில் துல்லியக் கட்டத்தைக் காலியாக விட்டால் ‘சமர்ப்பி’ பொத்தான் வேலை செய்வதில்லை. 1 முதல் 5 வரை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. ‘மூலம் தரப்படவில்லை, மதிப்பிடவில்லை’ என்று ஆறாவதாக ஒரு தேர்வைச் சேர்த்து, அதைச் சராசரிக் கணக்கில் எடுக்காதபடி செய்யுங்கள். அது வரும்வரை அந்தக் கட்டம் உள்ள கோப்புகளை நான் மூலம் இல்லாமல் ஏற்கப்போவதில்லை. தமிழை மட்டும் படித்துச் சொல்லும் வேலையாக அனுப்பினால் மகிழ்ச்சியோடு செய்கிறேன், பழைய கட்டணத்துக்கே.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு தமிழ் மதிப்பாய்வாளர்